நறுமுகை இன்று வரமாட்டாள்

"வணக்கம், தத்யானா இகோரெவ்னா!" என்பது வரைக்கும் எழுதியாயிற்று. அதற்கு மேல் சண்முகவடிவுக்குக் கை ஓடவில்லை. அடுப்படி மேசையில் தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிக்கிடக்கிறது, சன்னலுக்கு வெளியே தெருவிளக்கு வெளிச்சத்தில் பனி பொழிந்துகொண்டே இருக்கிறது, உள்ளறையில் நறுமுகை போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துப்போட்டுக்கொண்டு தூங்குகிறாள். மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் அவளை உலுக்கி எழுப்பி, கம்பளிக் காலுறையை மாட்டிவிட்டு, ஒரு வாய் கஞ்சிக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். இன்றைக்கு எழுப்பவில்லை. எழுப்பினால் சொல்ல வேண்டும். என்ன சொல்வது? இசக்கி மாமா செத்துப்போனான் என்றா? விடியும் முன்னே அம்பாசமுத்திரத்திலிருந்து அண்ணன் மகன் கூப்பிட்டான். "அத்தே, அப்பா நம்மள விட்டுட்டுப் போயிட்டாவ அத்தே" என்றான். முதல் டிரிப்புக்கு மினி பஸ்ஸை எடுக்கக் கிளம்பினவன், சட்டையில் ஒரு கையை நுழைத்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டானாம். அதுக்குமேல் எழுந்திருக்கவில்லையாம். இவள் "சரி" என்றாள். சரி என்றுதான் சொன்னாள், பாவி, கூடப் பிறந்தவன் போய்விட்டான் என்றதற்கு, யாரோ கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது என்று சொன்னது மாதிரி! அப்போதிலிருந்து கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அழுகை எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று அவளுக்கே தெரியவில்லை. புருஷனிடம் சொல்லலாம் என்றால் அவர் இந்த ரஷ்ய ஊரில் அணு உலை கட்டுகிற இடத்தில் பயிற்சியில் இருக்கிறார், வாசலிலேயே போனை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள், மத்தியானம்தான் கையில் கிடைக்கும். ஊரே இல்லாத ஊரில் இந்த அடுப்படியும் இந்தப் போனும்தான் அவளுக்கு இப்போது. போனில் வணக்கம் மட்டும் நின்றுகொண்டு மினுக் மினுக் என்று கோடு அடிக்கிறது.

வணக்கத்தில் தப்பு வந்துவிடக் கூடாது. அதை இங்கே வந்த முதல் வருஷமே படித்துக்கொண்டாள். வெறும் டீச்சர் என்று கூப்பிட்டால் இவர்கள் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். பெயரையும், அதோடு அப்பா பெயரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தத்யானா, இகோர் மகள். தலைநரைத்த பொம்பளை, மூன்றாம் வகுப்புக்கு எல்லாப் பாடமும் தானே எடுக்கிறவள், நாற்பது வருஷமாகச் சாக்பீஸ் தூள் தின்றவள், இன்றைக்கும் அவளைக் கூப்பிட அவள் அப்பன் பெயர் வேண்டும். நம்ம ஊரில் மட்டும் என்னவாம்? ஒற்றை எழுத்தாக முன்னால் நிற்கிறது, இங்கே முழுசாகப் பின்னால் நிற்கிறது. அவ்வளவுதான் என்று அண்ணன்தான் போனில் சொன்னான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது நறுமுகையின் அப்பா பெயர் என்ன, குடும்பப் பெயர் என்ன, இரண்டும் ஒன்றா, எப்படி ஒன்றாக இருக்கும் என்று அலுவலகத்துக்காரி இவளைப் போட்டு உலுக்கியெடுத்த நாளில் சொன்னான். "அவ எழுதறதை எழுதிட்டுப் போறா, நீ ஏன் புள்ள அழுவுற, பேரு காயிதத்துலதான் மாறும்" என்றான். அப்படிச் சொல்லச் சொல்ல இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டிருக்கும்போதே சிரிக்கவைத்துவிடுவான், அந்த வித்தை அவனுக்குத் தெரியும். இப்போது ஏன் அழ முடியவில்லை? யார் சிரிக்கவைப்பார்கள் என்று தொண்டையே யோசிக்கிறதோ என்னவோ. சரி, எழுது. மணியாகிறது. முதல் பாடம் தொடங்கும் முன்னே செய்தி போக வேண்டும், ஏனென்றால் டீச்சர் காலையிலேயே இத்தனை பிள்ளைகள் என்று சாப்பாட்டுக்கூடத்துக்குச் சொல்லி அனுப்புவாள், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அங்கேதான் சூடாகச் சாப்பாடு, வராத பிள்ளையின் தட்டு வீணாய்ப் போய்விடும். அதிலும் ஒரு தடவை மானம் போயிற்று. முதல் வருஷம் சளி என்று எழுதினவள் டீச்சருக்குத் தனியாக அனுப்பாமல் பெற்றோர்கள் எல்லாரும் இருக்கிற குழுவில் போட்டுவிட்டாள். பெற்ற பிள்ளையின் மூக்குச்சளி ஊர் அம்மாமார் அத்தனை பேருக்கும் காட்சிக்கு வந்தது. யாரோ ஒருத்தி இருமல் மருந்து பெயர் எழுதினாள், இன்னொருத்தி தேன் என்றாள். தத்யானா இகோரெவ்னா தனியாக ஒரு வரி அனுப்பினாள்: இப்படிப்பட்டவற்றை எனக்கு மட்டும் எழுதுங்கள், குழு அறிவிப்புகளுக்கு. கோபமாக இல்லை. ஆனால் சொன்னாள். அன்றிலிருந்து எந்தச் செய்தி என்றாலும் அனுப்பும் முன்னே இது குழுவா தனியா என்று சண்முகவடிவு இரண்டு தடவை பார்த்துக்கொள்வாள்.

வழக்கமாக இவள் எழுதுவதை நறுமுகைதான் பார்த்துத் திருத்துவாள். "அம்மா, இது நீ, ஒனக்குன்னு ஒத்தையாச் சொல்ற மாதிரி இருக்கு, டீச்சருக்கு நீங்கன்னு மரியாதையாச் சொல்லணும்லா" என்று பெரிய மனுஷி மாதிரி போனைப் பிடுங்குவாள். ஒன்பது வயசு. பல் ஒன்று விழுந்து ஒன்று முளைத்த வாயால் அம்மாவுக்கு இலக்கணம் சொல்கிற காலம். இன்றைக்கு அவளிடம் கொடுக்க முடியாது. காரணம் எழுத வேண்டிய இடத்தில்தான் அந்தச் சொல் வர வேண்டியிருக்கிறது. மொழிபெயர்க்கிற செயலியில் தட்டிப் பார்த்தாள். மூன்று சொற்கள் கொடுத்தது, ஒன்று வெறுமையாகச் செத்தான் என்பது, ஒன்று செய்தித்தாளில் வருகிற காலமானார், ஒன்று வாழ்க்கையை விட்டுப் போனார். மூன்றையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். மூன்றிலும் அண்ணன் இல்லை. போகட்டும், தாய்மாமன் என்பதை எப்படி எழுதுவது? மாமா என்கிறதுக்கு இவர்களிடம் இருக்கிற சொல்லைத் தெருவில் போகிற மீசைக்காரனுக்கும் சொல்கிறார்கள், பிள்ளைகள் பஸ் ஓட்டுகிறவனையே அப்படித்தான் கூப்பிடுகின்றன. தத்யானா இகோரெவ்னா என்ன நினைப்பாள்? மாமாதானே, அதுவும் உலகத்தின் அந்தப் பக்கம், அதுக்கு ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவார்களா என்று நினைத்துவிட்டால்? அவன் மடியில் உட்கார்த்திதான் நறுமுகைக்கு மொட்டை போட்டோம், அவன் மடியில் வைத்துத்தான் காது குத்தினோம், தட்டான் கிட்டே வந்ததும் பிள்ளைக்கு முன்னே அவன் அழுதுவிட்டான், கம்மலைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு அழுத ஆம்பளை, அதைப் பார்த்து மதினி சிரித்தாள், நாளைக்கு அவள் பெரியவளானால் பச்சை ஓலைக் குடிசை கட்டப் போகிறவன் அவன்தான், அவள் கழுத்தில் மாலை விழும்போது... இவ்வளவையும் எழுதினாள். எழுதிச் செயலிக்குள் போட்டு என்ன ஆகிறது என்று திருப்பிப் பார்த்தாள். ஓலைக்குள் ஆண் அழுதான், காதுக்கு மொட்டை போட்டார்கள் என்று ஏதேதோ வந்தது. அழித்தாள். டீச்சருக்கு வேண்டியது எல்லாம் யார், எந்த வகுப்பு, என்றைக்கு வரமாட்டாள், எதனால், என்றைக்கு வருவாள், கடைசியில் மரியாதையுடன் என்று போட்டு அம்மா பெயர். ஐந்து வரி. அந்த ஐந்து வரிக்கு ஒரு பொம்பளை இப்படித் தவிக்கிறாளே, கேட்டால் ஊர் சிரிக்கும்.

லீவ் லெட்டர் எழுதுகிற வேலை அவளுக்கு எப்போதும் இருந்ததே இல்லை, அதுதான் விஷயம். எல்லாம் அண்ணன் எழுதுவான். ஆறாம் வகுப்பிலிருந்து. "எனக்குக் காய்ச்சலாக இருப்பதால் இன்று ஒருநாள் மட்டும் விடுப்பு அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி." கீழே பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் அப்பா மாதிரியே சங்கரலிங்கம் என்று போடுவான், கடைசி மெய்யின் புள்ளியை மேலே தூக்கி ஒரு சுழி சுழித்து. அப்பா போட்டாலே அவ்வளவு நன்றாக இருக்காது. தாமிரபரணியில் வெள்ளம் பார்க்கப் போனாலும் காய்ச்சல், சொரிமுத்தையன் கோயில் கொடை விழாவுக்குப் போனாலும் காய்ச்சல், ஒன்றுமே இல்லாமல் கணக்குப் பரீட்சைக்குப் பயந்து படுத்துக்கொண்டாலும் காய்ச்சல். ஒருதடவை இவள்தான் கேட்டாள், எப்பப் பார்த்தாலும் காய்ச்சலா, மத்தப் பிள்ளைகள் எல்லாம் தாத்தா செத்துப்போனாரு, பெரியப்பா செத்துப்போனாருன்னு எழுதி மூணு நாள் லீவு வாங்குதே என்று. அவனுக்கு வந்ததே கோபம். பேனா மூடியால் மண்டையில் ஒரு தட்டு. "ஏ கூறுகெட்டவளே, லீவுக்காக ஆளைச் சாகடிக்கவா செய்வாவ? காய்ச்சல்னு எழுது. காய்ச்சல் வந்தா போயிரும். யாரையும் சாகடிச்சு எழுதாத, கேட்டியா?" என்றான். அதுக்கப்புறம் இவள் வாழ்க்கையில் யாரையும் சாகடித்து எழுதினதில்லை. கல்லூரியிலும் காய்ச்சல்தான், ஆறு மாசம் வேலை பார்த்த கூட்டுறவு வங்கியிலும் காய்ச்சல்தான். அந்தக் கைதான் இது. அந்தக் கை யோசிக்கவேயில்லை. "இன்று நறுமுகை பள்ளிக்கு வரமாட்டாள். அவளுக்குக் காய்ச்சல். மரியாதையுடன், சண்முகவடிவு, நறுமுகையின் அம்மா" என்று தட்டி, அனுப்பு என்பதையும் தட்டிவிட்டது. அனுப்பின பிறகு நெஞ்சு ஒரு நிமிஷம் லேசாகிவிட்டது. அட, யாரும் சாகவில்லை! காய்ச்சல்தான். வந்தால் போய்விடும். அந்த ஒரு நிமிஷம் அவள் பன்னிரண்டு வயசுப் பிள்ளையாக அம்பாசமுத்திரத்தில் பாயில் படுத்துக்கொண்டிருந்தாள், அண்ணன் வாசலில் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தான்.

பதில் உடனே வந்தது. இந்தப் பொம்பளைக்குத் தூக்கமே கிடையாது போல. "வணக்கம்! பாவம். எவ்வளவு காட்டுகிறது?" எவ்வளவு? என்ன எவ்வளவு? ஓ, காய்ச்சல் எவ்வளவு. பொய்க்கு இப்போது ஒரு எண் வேண்டும். நம்ம ஊர் என்றால் கையை வைத்துப் பார்த்துக் கொதிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். இவர்களுக்கு அக்குளில் வைத்து எடுத்த எண் வேண்டும். முப்பத்தெட்டு என்று எழுதினாள், நம்ம ஊர்க் கணக்கில் நூறு. அடுத்ததாக நீளமாக ஒன்று வந்து விழுந்தது, எழுத்துக் கூட்டிப் படிக்கப் படிக்க இவளுக்கே குளிர்காய்ச்சல் வரும் போலிருந்தது. வகுப்பில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளுக்கு ஃப்ளூ, ஆகவே பள்ளி நர்சுக்குச் சொல்லியாக வேண்டும், நீங்கள் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போன் பண்ணி இன்றைக்கே மருத்துவரை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள், உடம்பு சரியானாலும் மருத்துவரின் சான்று இல்லாமல் வகுப்பில் சேர்க்க எனக்கு அனுமதி இல்லை, வகுப்பேட்டில் நோய் என்று குறித்துவிடுகிறேன், சாப்பாட்டில் பெயரை எடுத்துவிடுகிறேன். அதோடு விட்டாளா? "வெள்ளிக்கிழமை நாடகத்துக்குள் சரியாகுமா தெரியவில்லை, நரி வேஷத்தை இப்போதைக்குச் சோனியாவிடம் கொடுத்துப் பழக்குகிறேன், நறுமுகை வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், சீக்கிரம் குணமாகட்டும்."

நரி. ஐயோ, நரி! தையல் மிஷின் மேல் கிடக்கிறது வால், ஆரஞ்சு நிறக் கம்பளியில், நுனிக்கு வெள்ளை வைத்து, உள்ளே பழைய தலையணைப் பஞ்சு அடைத்தது. ஞாயிற்றுக்கிழமைதான் முடித்தாள். முடித்த கையோடு நறுமுகை அதை இடுப்பில் கட்டிக்கொண்டு அண்ணனை வீடியோவில் கூப்பிட்டு ஆட்டிக் காட்டினாள். அவன் அப்போதுதான் டிரிப் முடித்து வந்து காக்கிச் சட்டையோடு கட்டிலில் சாய்ந்திருந்தான். "ஏ யப்பா, கோழியெல்லாம் பத்திரமாக் கூட்டுல அடைங்கப்பா, எம்மருமவ வாரா" என்று கத்தி, மதினியைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டாளையும் கூப்பிட்டு, போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். நரி பேசுகிற வசனத்தை ரஷ்ய மொழியிலேயே சொல்லச் சொல்லிக் கேட்டான், ஒரு எழுத்துப் புரியாமல் கைதட்டினான். "வெள்ளிக்கிழம முழுசா எடுத்து அனுப்பு தாயி, மாமா பஸ்ஸுல எல்லாத்துக்கும் போட்டுக் காட்டணும்" என்றான். அப்போது அவன் நெஞ்சைத் தடவினானா? தடவினான் போலத்தான் இருக்கிறது. இல்லை, சட்டைப் பையில் பீடி தேடினானோ? கேட்டிருக்க வேண்டும். ஏன் அண்ணே நெஞ்சத் தடவுத என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? போனை நறுமுகையிடமிருந்து வாங்கி ஒரு நிமிஷம் பேசியிருந்தால்? குழம்பு தீய்கிறது என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தக் குழம்பு நாசமாய்ப் போக. அவன் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது அதுதான், வாலுக்கு மேலே, பாதி முகம். பிற்பகலில் எடுக்கிறார்களாம், இங்கே அப்போது மத்தியானமாக இருக்கும், அண்ணன் மகன் போனை அப்பா முகத்துக்கு நேரே பிடிக்கிறேன் அத்தே, பார்த்துக்கிடுங்க என்று சொல்லியிருக்கிறான். அதுக்காகத்தான் நறுமுகை வீட்டில் இருக்க வேண்டும். மடியில் வைத்துக் காது குத்தினவன் முகத்தைப் பிள்ளை பார்க்க வேண்டாமா? அதுக்குத்தானே இந்த லீவு. அதை எழுதவே துப்பில்லாமல் காய்ச்சல் என்று எழுதி, முப்பத்தெட்டு என்று எழுதி, கடைசியில் அவன் கைதட்டின நரி வேஷத்தையும் பறிகொடுத்தாயிற்று. சாயங்காலம் மருத்துவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, பாதத்துக்கு நீல உறை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து, பிள்ளையின் அக்குளில் வைத்துப் பார்த்தால் என்ன காட்டும்? இந்த வீட்டில் காய்ச்சல் யாருக்கு என்று கேட்டால் எதைக் காட்டுவது? மருத்துவரைக் கூப்பிடாவிட்டால் சான்று இல்லை, சான்று இல்லாவிட்டால் பிள்ளை வெள்ளிக்கிழமை வாசலிலேயே நிற்க வேண்டும். இவர்கள் முறை அப்படி. நோய் என்றால் மருத்துவர் எழுத வேண்டும், நோயில்லாமல் குடும்பக் காரணம் என்றால் பெற்றவள் தலைமையாசிரியர் பெயருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் போதும், பிள்ளைக்கு நாங்கள் பொறுப்பு, விட்ட பாடத்தைப் படிக்கவைக்கிறோம் என்று. அது தெரியும் அவளுக்கு. போன தைப்பொங்கலுக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தாள், தத்யானா இகோரெவ்னா பொங்கல் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்கூட. பொங்கலுக்கு உண்மை சொல்லத் தெரிந்தது, சாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

சரி, இப்போதாவது எழுது. மன்னித்துவிடுங்கள், காய்ச்சல் இல்லை, என் அண்ணன் இறந்துவிட்டார். அவ்வளவுதானே? எழுதினாள். விரல் அனுப்பு என்பதன் மேலே போய் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. பொய்க்காரி என்று நினைப்பாளோ என்ற பயம் ஒருபக்கம். ஒரு தடவை பொய் சொன்னவள் இதையும் ஏன் பொய்யாகச் சொல்லக் கூடாது, லீவுக்காக ஆளைச் சாகடிக்கிறாளோ என்று அந்தப் பொம்பளைக்குத் தோன்றிவிட்டால்? பேனா மூடி மண்டையில் தட்டியது போல இருந்தது. யாரையும் சாகடிச்சு எழுதாத, கேட்டியா? கேட்டேன் அண்ணே, கேட்டதால்தான் இந்தக் கதி. நீ சொன்னதைக் கேட்டுத்தான் உன்னை உயிரோடு வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் விரலை நிறுத்தினது அது மட்டுமில்லை. வேறொன்று. இதை அனுப்பிவிட்டால் தத்யானா இகோரெவ்னாவுக்குத் தெரிந்துவிடும், கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற ஒரு ரஷ்யக்காரிக்கு, இசக்கிமுத்து என்று ஒருத்தன் இருந்ததே தெரியாதவளுக்கு. உள்ளே படுத்திருக்கிற அவன் மருமகளுக்குத் தெரியாது. ஊராருக்கெல்லாம் சொல்லிவிட்டு உரிமைப்பட்டவளுக்குக் கடைசியில் சொல்வதா? அப்படி ஒரு முறை எங்கே இருக்கிறது? விரலை எடுத்துவிட்டாள். எடுத்துவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே விடிந்துகொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் மணி அடித்திருக்கும், பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லியிருக்கும்.

"யம்மா! வெளிச்சம் வந்துட்டு! என்னய ஏன் எழுப்பல?" கத்திக்கொண்டே ஓடிவந்தாள் நறுமுகை, ஒரு காலில் காலுறை, ஒரு கால் வெறுங்கால், தலை பரட்டையாக. "இன்னைக்கு ஒத்திகை இருக்கும்மா, நரி இல்லாம எப்படிச் செய்வாங்க!" சண்முகவடிவு பிள்ளையை இழுத்து நெற்றியில் கையை வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது, தான் எழுதின காய்ச்சல் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பவள் மாதிரி. நெற்றி குளுகுளுவென்று இருந்தது. "எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்று கையைத் தட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் மேசையிலிருந்த போனை எடுத்துவிட்டாள் அவள். டீச்சர் பெயர் திறந்தே கிடந்தது. இவள் பிடுங்குவதற்குள் கண் ஓடிவிட்டது, இவள் எழுத்துக்கூட்டிப் படிப்பதை அவள் தண்ணீர் குடிப்பது போலப் படிப்பாள். "எனக்கு எங்கம்மா காய்ச்சல்? ஏன் டீச்சர்ட்டப் பொய் சொன்ன? நரியைச் சோனியாவுக்குக் குடுத்துட்டாங்களா?" உதடு பிதுங்கியது. பிறகு கண் இன்னும் கீழே போயிற்று, அனுப்பாமல் பெட்டியில் நின்றுகொண்டிருந்த வரிக்கு. சண்முகவடிவு போனைப் பறித்து மேசையில் கவிழ்த்து வைத்தாள். படித்துவிட்டாளா? பாதி படித்தாளா? எழுத்திலிருந்து தெரிந்துகொள்ளக் கூடாது, அதுவும் இந்த எழுத்திலிருந்து. பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நறுமு, இங்க பாரு. இசக்கி மாமா செத்துப்போயிட்டாவட்டி." சொல்லிவிட்டாள். தமிழில் சொல்லிவிட்டாள். செயலி கொடுத்த மூன்று சொல்லிலும் இல்லாத அண்ணன் அந்த ஒரு சொல்லில் முழுசாக வந்து நின்றான், வந்து நின்று போனான்.

நறுமுகை உடனே அழவில்லை. "பஸ் அடிச்சா?" என்று கேட்டாள். "இல்ல, நெஞ்சு வலி." "வெள்ளிக்கிழமை வீடியோ அனுப்பணும்னு சொன்னாங்களே." "ஆமா." "அப்ப யாருக்கு அனுப்புறது?" பிள்ளை தானே போய்த் தையல் மிஷின் மேலிருந்த வாலை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டு இவள் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தாள். வாலின் வெள்ளை நுனியைப் பிடித்துத் திருகித் திருகி, பிறகுதான் அழுதாள், சத்தமில்லாமல், மூக்கு மட்டும் ஒழுகுகிற அழுகை. சண்முகவடிவு முந்தானையால் துடைத்துவிட்டாள். அவளுக்கு இன்னும் வரவில்லை. மத்தியானம் மாமா முகத்தைப் பார்க்கலாம், போனில் காட்டுவார்கள், பயப்படக் கூடாது என்று சொன்னாள். பயமில்லை என்றாள் பிள்ளை. கொஞ்ச நேரம் கழித்து, "டீச்சர் எனக்குக் காய்ச்சல்னேதான் நெனச்சிட்டிருக்காங்களா?" என்றாள். "ஆமா." "அத மாத்தணும்மா. மாமா செத்ததுக்கு எனக்குக் காய்ச்சல்னு சொல்லக் கூடாதுலா." சொல்லிவிட்டுப் போனை நிமிர்த்தினாள். இவள் தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள், அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்த மொழியில் தட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து எழுதி முடித்தபோது அது இப்படி இருந்தது:

"வணக்கம், தத்யானா இகோரெவ்னா! மன்னித்துவிடுங்கள், நறுமுகைக்குக் காய்ச்சல் இல்லை. நான் உண்மையை எழுதவில்லை. இந்தியாவில் என் அண்ணன் இன்று விடிகாலையில் இறந்துவிட்டார். எனக்கு அதை எழுத வரவில்லை. இன்றும் நாளையும் நறுமுகை என்னோடு வீட்டில் இருப்பாள், வியாழக்கிழமை பள்ளிக்கு வருவாள். குடும்பக் காரணம் என்று தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதி அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். விட்ட பாடங்களைப் படித்துவிடுவாள். மரியாதையுடன், சண்முகவடிவு, நறுமுகையின் அம்மா, மூன்றாம் வகுப்பு."

நறுமுகை ஒருதடவை படித்தாள், ஒரு கமாவை மாற்றினாள், அம்மாவின் விரலைப் பிடித்து அனுப்பு என்பதன் மேல் வைத்தாள். போயிற்று. அதுக்கப்புறம் காத்திருப்பதுதான் கொடுமை. பாடம் நடக்கும் நேரம், டீச்சர் போனைத் தொடமாட்டாள். சண்முகவடிவு எழுந்து அந்தத் தேத்தண்ணியைக் கொட்டிவிட்டுப் புதுசாகப் போட்டாள். போட்டும் குடிக்கவில்லை. இன்றைக்கு அடுப்பு எரிக்கலாமா கூடாதா என்று ஒரு யோசனை வந்தது, சாவு வீடு அங்கே, அடுப்பு இங்கே, கட்டிக்கொடுத்தவளுக்கு எவ்வளவு தீட்டு, இந்தப் பனிக்குள்ளே தலைக்குத் தண்ணீர் விட்டால் நிஜமாகவே காய்ச்சல் வந்துவிடுமே என்று எண்ணம் எங்கெங்கோ சுற்றி, திரும்பத் திரும்பப் போனிலேயே வந்து முட்டியது. என்ன நினைப்பாள்? நர்சிடம் சொல்லியாயிற்றே, சாப்பாட்டில் பெயரை எடுத்தாயிற்றே, இத்தனையையும் பண்ணவைத்துவிட்டு இப்போது இல்லை என்கிறாளே என்று பல்லைக் கடிப்பாளோ? கடித்தால் கடிக்கட்டும். கடிப்பது நியாயம்தான். பிள்ளையை மட்டும் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும், கடவுளே. இடைவேளை நேரம் வந்ததும் போன் உறுமியது. இவள் எடுக்கவில்லை. நறுமுகைதான் எடுத்தாள், எடுத்து மெதுவாக, ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கிச் சொன்னாள்.

"உங்க துக்கத்துல பங்கெடுத்துக்கிடுதேன்னு சொல்றாங்கம்மா. மன்னிப்புல்லாம் கேக்க வேண்டாமாம். அந்த மாதிரி நேரத்துல யாருக்கும் எழுத வராதாம், அவங்க தம்பி போனப்ப அவங்களுக்கும் வரலையாம். ஏட்டுல நோய்னு போட்டதை மாத்திட்டாங்களாம், நர்சுட்டயும் சொல்லிட்டாங்களாம், டாக்டர் சீட்டு வேண்டாமாம், நீ எழுதுற விண்ணப்பமே போதுமாம். நரி நான்தானாம். எனக்கு மனசு இருந்தாச் செய்யலாமாம், இல்லன்னாலும் கோவிச்சுக்கிட மாட்டாங்களாம்." பிள்ளை நிறுத்தினாள். "அப்புறம்?" "அப்புறம், சாயங்காலம் அவங்க கோயிலுக்குப் போறாங்களாம். மாமாக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தலாமான்னு கேக்காங்க. மாமா பேரு என்னன்னு கேக்காங்கம்மா."

சண்முகவடிவு தலையை மட்டும் ஆட்டினாள். நறுமுகை தட்ட ஆரம்பித்தாள். இசக்கிமுத்து என்பதற்கு அந்த எழுத்தில் எதெது வரும் என்று யோசித்து, வாய்க்குள் சொல்லிப் பார்த்துத் தட்டினாள். தட்டினவள் நிமிர்ந்தாள். டீச்சர் கேட்டது பேரை மட்டும்தான், ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, பெரியவர்கள் பேரை மொட்டையாக எழுதினால் மரியாதை இல்லை என்று படித்த பிள்ளை. "யம்மா, மாமாவோட அப்பா பேரு என்ன? அதுவும் சேத்து எழுதணும்லா."

"சங்கரலிங்கம்" என்றாள் சண்முகவடிவு. எத்தனை லீவ் லெட்டரில் அவன் கையால் போட்ட பெயர், புள்ளியைத் தூக்கி, சுழி சுழித்து. தன் பெயரைத் தவிர அவன் அதிகமாக எழுதினது அந்தப் பெயராகத்தான் இருக்கும், எல்லாம் இவளுக்காக, காய்ச்சலே இல்லாத இவளுக்காக.

"இசக்கிமுத்து சங்கரலிங்கமொவிச்" என்று, மகனுக்கு அந்த மொழியில் வருகிற விகுதியைச் சேர்த்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே தட்டினாள் நறுமுகை. பிறகு தலையைச் சாய்த்து, "அப்ப ஒனக்கும் அதே பேருதானம்மா பின்னால வரும்? ஒனக்கும் மாமாக்கும் ஒரே பேரு" என்றாள்.

"ஆமாட்டி" என்று சொல்ல வாயைத் திறந்தாள் சண்முகவடிவு. காலையிலிருந்து எங்கேயோ ஒளிந்துகிடந்த அழுகை அத்தனையும் ஒரேயடியாக வந்தது. மேசையில் தலையை வைத்து, அண்ணே, அண்ணே என்று ஊரில் எல்லாரும் அழுகிற மாதிரியே வாய்விட்டு அழுதாள். நறுமுகை ஒரு கையால் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே மறு கையால் செய்தியை அனுப்பினாள்.